பிரஷர் வாஷர் கோளாறுகள்: கேஜையும் கையின் உதைப்பையும் சேர்த்துப் படித்தல்

பிரஷர் வாஷர் சரியாக அடிக்கவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் பம்பைத்தான் சந்தேகிக்கிறார்கள். அடுத்து, அழுத்தம் அளவு மீறும்போது தண்ணீரைப் பம்புக்கே திருப்பிவிடும் அன்லோடர் வால்வின் திருகை முறுக்குகிறார்கள். பல நேரம் கோளாறு இருப்பதோ, விரல் நுனி அளவுள்ள நாசிலில். எந்தப் பாகத்தையும் கழற்றும் முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். பிரஷர் கேஜ் ஒரு செய்தி சொல்கிறது. ட்ரிகரை அழுத்தும்போது கன் பின்னால் உதைக்கிறதே, அந்த உதைப்பு இன்னொரு செய்தி சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எந்தப் பாகத்தைத் திறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அதற்கு முதலில் அழுத்தம் எங்கே பிறக்கிறது என்பது தெளிவாக வேண்டும்.

அழுத்தத்தை நிர்ணயிப்பது எது

குழாயில் மாட்டிய தோட்ட ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், ஆனால் வரும் அளவு குறைந்துவிடும். பிரஷர் வாஷர் அப்படி நடந்துகொள்ளாது. அதன் பம்ப், பிளஞ்சர்கள் முன்னும் பின்னும் போய்வந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு தண்ணீரைத் தள்ளும் வகை. மோட்டார் வேகம் மாறாதவரை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்பது கிட்டத்தட்ட உறுதி. முன்னால் தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தண்ணீர் வெளியே போயாக வேண்டும். நாசிலின் துளை சிறியது என்பதால், அவ்வளவு தண்ணீரும் அதன் வழியே போக எவ்வளவு அழுத்தம் தேவையோ அதுவரை ஹோஸுக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஆக, பம்ப் தருவது ஓட்டம். அழுத்தத்தை நிர்ணயிப்பது நாசில்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே மெஷினை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: மூன்று பிளஞ்சர் பம்ப், நிமிடத்துக்கு 10 லிட்டர், 150 பார். ஹோஸின் உள்விட்டம் 8 மி.மீ. அந்த ஹோஸுக்குள் தண்ணீர் வினாடிக்கு 3.3 மீட்டர் வேகத்தில், ஏறத்தாழ ஓட்டநடையில், வருகிறது. நாசிலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் வினாடிக்கு 173 மீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான துளைக்குள் நுழையும் அந்த நொடியின் சிறு பகுதியில் வேகம் ஐம்பது மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஹோஸில் அழுத்தமாக இருந்த ஆற்றல் அங்கே வேகமாக மாறுகிறது. நாசிலைத் தாண்டிய ஜெட்டில் அழுத்தம் எதுவும் மிச்சமில்லை, சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்தான். அழுக்கைப் பெயர்ப்பது அந்த வேகம்.

```
v = √(2P/ρ)
F = Q·√(2ρP)
```

முதல் வரி ஜெட்டின் வேகம். P அழுத்தம், ρ தண்ணீரின் அடர்த்தி. இரண்டாவது வரியில் F என்பது உதைப்பு, Q என்பது ஓட்டம். நம் மெஷினில் வினாடிக்கு 0.167 கிலோ தண்ணீர் 173 மீட்டர் வேகம் பெறுகிறது. பெருக்கினால் 29 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 3 கிலோ எடை தொங்கினால் கை உணரும் இழுப்பு.

ஜெட் சுவரில் மோதித் திரும்புவதால்தான் கன் உதைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சுவரைப் பார்த்து அடித்தாலும் வெறும் வெளியில் அடித்தாலும் உதைப்பு ஒன்றே. தண்ணீரை முன்னால் விரட்டியது நாசில். விரட்டப்பட்ட தண்ணீர் அதே அளவு விசையோடு நாசிலைப் பின்னால் தள்ளுகிறது. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. போன பிறகு ஜெட் எங்கே மோதினாலும் கைக்கு வித்தியாசமில்லை.

இதே விசையை இன்னொரு விதமாகவும் எழுதலாம்: ஜெட்டின் குறுக்குப் பரப்பை அழுத்தத்தால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால் உதைப்பு. F = 2·A·P. இந்த வடிவம்தான் கோளாறு தேடும்போது கைகொடுக்கும். நாசில் துளை மாறாமல் இருந்தால் உதைப்பும் அழுத்தமும் ஒரே விகிதத்தில் ஏறும், ஒரே விகிதத்தில் இறங்கும். இரண்டும் தனித்தனி வழியில் போனால் துளையின் பரப்பு மாறிவிட்டது என்று பொருள்.

தொடங்கும் முன்

மெஷினில் கேஜ் இல்லை என்றால் ஹோஸுக்கும் கன்னுக்கும் நடுவே மாட்டும் கேஜ் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. அதோடு அளவு குறித்த ஒரு வாளியும் கடிகாரமும் போதும்.

நாசிலைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்: மோட்டாரை நிறுத்துங்கள், தண்ணீர்க் குழாயை மூடுங்கள், ட்ரிகரை அழுத்தி ஹோஸில் மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள், பிறகு ட்ரிகர் பூட்டைப் போடுங்கள். மோட்டார் நின்றாலும் மூடிய கன்னுக்குப் பின்னால் 150 பார் அப்படியே தங்கியிருக்கலாம். நாசிலைப் பிடித்திருக்கும் கப்ளிங்கின் உள்விட்டம் 10 மி.மீ. என்றால், அடிக்கும்போது 150 பார் அந்த நாசிலை முன்னால் தள்ளும் விசை 1,100 நியூட்டனுக்கு மேல், நூறு கிலோவுக்கும் கூடுதலான எடைக்குச் சமம். காலர் சரியாகக் கிளிக் ஆகாமல் ட்ரிகரை அழுத்தினால் நாசில் தெறித்துப் பறக்கும்.

ஜெட் வருகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பதைப் போல ஆபத்தான காரியம் இல்லை. இந்த வேகத்தில் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை சிதைந்திருக்கும். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்தத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது என்று சொல்ல வேண்டும்.

அறிகுறி: கேஜ் இறங்கிவிட்டது, உதைப்பு மட்டும் பழையபடியே இருக்கிறது

தண்ணீர் நிறைய வருகிறது, சத்தமும் மாறவில்லை, ஆனால் பாசி பெயரவில்லை. கேஜ் 100 பார் பக்கம் நிற்கிறது. பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்ட வைக்கும் அறிகுறி இதுதான். அப்படி முடிவு கட்டும் முன் கையைக் கேளுங்கள். உதைப்பு ஏறக்குறைய எப்போதும்போல இருந்தால் நாசில் தேய்ந்துவிட்டது என்பது என் முதல் சந்தேகமாக இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். துளையின் விட்டம் 10 சதவீதம் அகன்றால் பரப்பு 21 சதவீதம் கூடுகிறது. பம்ப் அதே 10 லிட்டரைத்தான் தருகிறது, எனவே வேகம் 173 மீட்டரிலிருந்து 143 ஆகக் குறைகிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது 150 பாரிலிருந்து 102-க்கு விழுந்துவிடுகிறது. உதைப்போ வேகத்தை மட்டும் பொறுத்தது: 29 நியூட்டன் 24 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் போய்விட்டது, ஆறில் ஒரு பங்கு உதைப்புதான் குறைந்திருக்கிறது. அந்த ஐந்து நியூட்டன் வித்தியாசத்தைக் கை சுலபமாகக் கண்டுகொள்ளாது. அதனால்தான் கன்னைப் பிடித்திருப்பவர் மெஷின் நன்றாகவே அடிக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

உறுதி செய்ய, நாசிலைக் கழற்றிவிட்டு மெஷினை ஓட்டி ஒரு நிமிடம் வாளியில் பிடியுங்கள். 10 லிட்டருக்கு அருகில் வந்தால் பம்பின் மூன்று பிளஞ்சரும் வேலை செய்கின்றன. அடுத்து அதே எண் கொண்ட புதிய நாசிலை மாட்டி கேஜைப் பாருங்கள். 150-க்குத் திரும்பினால் வேலை முடிந்தது. துளையில் டிரில் பிட்டை நுழைத்து விட்டத்தை அளக்கலாமே என்று தோன்றும். விசிறி நாசிலின் துளை வட்டமாக இருக்காது, பூனைக்கண் போல நீள்வட்டமாக வெட்டியிருப்பார்கள், எனவே அந்த அளவு எதையும் சொல்லாது. விசிறியின் வடிவம் கொஞ்சம் துப்புத் தரும்: காய்ந்த தரையில் ஒரு நொடி அடித்துப் பார்த்தால் தேய்ந்த நாசிலின் ஈரக்கோடு சீராக இருக்காது, நடுவிலோ ஓரத்திலோ கனத்துத் தெரியும்.

புதிய நாசில் வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவதில்தான் அடுத்த கோளாறு பிறக்கிறது. நிறம் சொல்வது கோணத்தை மட்டும்: சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, சோப்புக்கான கறுப்பு 65. துளையின் அளவு எண்ணில் இருக்கிறது. 25035 என்று பொறித்திருந்தால் 25 டிகிரி, அளவு 3.5. அந்த 3.5 என்பது 4,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை அமெரிக்க கேலன் போகும் என்பது. உங்கள் மெஷினுக்கு உரிய எண்ணை இப்படிக் கண்டுபிடிக்கலாம்:

```
size = GPM × √(4000/psi)
```

10 லிட்டர் என்பது 2.64 கேலன், 150 பார் என்பது 2,175 பிஎஸ்ஐ. விடை 3.58, எனவே 035. தெரியாமல் 040 மாட்டினால் புத்தம்புது நாசிலோடு 120 பார்தான் வரும். 030 மாட்டினால் 210 பாருக்கு மேல் தேவைப்படும். அதற்குள் அன்லோடர் திறந்துகொள்ளும்.

கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு நாசில் அதிகம் உதைக்கும், வெள்ளை மெதுவாக உதைக்கும் என்று சொல்வார்கள். ஒரே எண் என்றால் கேஜும் ஒன்றே, உதைப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. 40 டிகிரி விசிறியில் பக்கவாட்டில் போகும் விசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன, நேர்ப்பின்னால் வரும் உதைப்பு 2 சதவீதம்தான் குறைகிறது. மாறுவது எதிரே இருக்கும் பரப்பின் நிலை. அதே விசை 30 செ.மீ. தொலைவில் ஒரு புள்ளியில் விழுகிறதா, 22 செ.மீ. நீளக் கோட்டில் பரவுகிறதா என்பதுதான் மரத்தைக் கீறுவதற்கும் கழுவுவதற்கும் உள்ள வித்தியாசம்.

அறிகுறி: கேஜும் இறங்கிவிட்டது, உதைப்பும் சேர்ந்து இறங்கிவிட்டது

இப்போது துளை மாறவில்லை, அதன் வழியே வரும் தண்ணீர்தான் குறைந்திருக்கிறது. மூன்று பிளஞ்சரில் ஒன்றின் வால்வில் மணல் சிக்கித் திறந்தே நிற்கிறது என்று வையுங்கள். ஓட்டம் மூன்றில் இரண்டு பங்காகிறது, 6.7 லிட்டர். அழுத்தம் அதன் வர்க்கமாகக் குறைந்து 67 பாருக்கு வருகிறது. உதைப்பும் அதே விகிதத்தில் 29-லிருந்து 13 நியூட்டனாகிறது. இதைக் கை உடனே உணரும். கன் திடீரென்று லேசாகிவிட்டது போல இருக்கும். மூன்றில் ஒன்று மட்டும் படுத்துவிட்டால் கேஜ் முள் ஒரே சீராகத் துடிக்கும், அதே துடிப்பு கைப்பிடியிலும் தெரியும்.

பம்பைத் திறக்கும் முன் உள்ளே வரும் தண்ணீரைச் சோதியுங்கள். மெஷினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி வாளியில் பிடித்தால் 10 லிட்டர் ஒரு நிமிடத்துக்குள் தாராளமாக நிறைய வேண்டும். இழுத்துப் பிடித்தாற்போல் நிறைந்தால் அது போதாது. உள்ளே வரும் இடத்து வலை ஃபில்டரைக் கழுவுங்கள். துடிப்பு சீரில்லாமல், விட்டுவிட்டு வந்தால் காற்று புகுகிறது: வரும் இணைப்பின் வாஷரை மாற்றி, நாசிலைக் கழற்றிவிட்டு, குமிழி இல்லாத தண்ணீர் வரும்வரை ட்ரிகரைத் திறந்தே வைத்து ஓட்டுங்கள். இத்தனைக்கும் பிறகு, நாசில் இல்லாமல் வாளியில் பிடித்தாலும் 7 லிட்டர்தான் வருகிறது என்றால், பம்பின் வால்வுகளைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

நாசில் இல்லாதபோது 10 லிட்டர் முழுதாக வருகிறது, புது நாசில் மாட்டினால் கேஜும் உதைப்பும் சேர்ந்து இறங்குகின்றன என்ற நிலையும் உண்டு. அழுத்தம் ஏறிய பிறகுதான் கசிவு தொடங்குகிறது. பெரும்பாலும் அன்லோடரின் இருக்கை தேய்ந்து, தண்ணீரில் ஒரு பங்கு பம்பின் வாயிலுக்கே திரும்பிப் போகிறது. சில நேரம் பிளஞ்சர் சீல் தேய்ந்து பம்பின் அடியில் சொட்டும்.

சோப்புக்கான கறுப்பு நாசில் மாட்டியிருந்தாலும் கேஜ் இப்படித்தான் தாழ்ந்து நிற்கும். அதன் துளை வேண்டுமென்றே பெரிதாக வெட்டப்பட்டது. அழுத்தம் குறைந்தால்தான் இன்ஜெக்டர் சோப்பை இழுக்கும்.

அறிகுறி: கேஜ் உச்சத்தில், ஜெட் மெலிந்து, உதைப்பு குறைந்து

முதல் அறிகுறிக்கு நேர் எதிர் இது. துளையில் ஏதோ அடைத்திருக்கிறது. பாதி பரப்பு அடைபட்டால் 10 லிட்டரையும் தள்ள 600 பார் தேவைப்படும். அவ்வளவு தூரம் போக அன்லோடர் விடாது. அது 165 பாரில் திறப்பதாக அமைந்திருந்தால் கேஜ் அங்கேயே நிற்கும், நாசில் வழியே 5 லிட்டர் அளவுதான் போகும், மீதி பம்புக்குள்ளேயே சுற்றிவரும். பாதித் துளை, 165 பார்: 2·A·P கணக்கில் உதைப்பு 16 நியூட்டன். கேஜ் முன்பைவிட அதிகம் காட்டுகிறது, கன்னோ பாதிதான் தள்ளுகிறது. அன்லோடர் திறந்து மூடும் டக் டக் ஓசையும் கேட்கலாம்.

இந்த நிலையில் மெஷினை ஓட விடாதீர்கள். சுற்றிச் சுற்றி வரும் தண்ணீர் சீக்கிரம் சூடேறி சீல்களைக் கெடுத்துவிடும். மேலே சொன்ன வரிசையில் அழுத்தத்தை இறக்கி நாசிலைக் கழற்றுங்கள். நாசிலோடு வரும் மெல்லிய கம்பியை வெளி வாயிலிருந்து உள்நோக்கிச் செலுத்த வேண்டும். துகள் வந்த வழியே திரும்பிப் போகும். உள்ளிருந்து வெளியே தள்ளினால் குறுகும் துளைக்குள் அது இன்னும் இறுகிவிடும். பிறகு வெளி வாய் வழியாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இரும்பு ஊசியை முறுக்கித் தேய்ப்பதை நான் ஏற்பதில்லை. துளையின் விளிம்பு கீறினால் விசிறி உடைந்துவிடும், பிறகு அந்த நாசிலைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. கன்னுக்கும் நாசிலுக்கும் நடுவே நீளும் குழாயான லான்ஸை நாசில் இல்லாமல் அரை நிமிடம் ஓடவிட்டு மிஞ்சிய துகளை வெளியேற்றிய பிறகே திரும்ப மாட்டுங்கள்.

அறிகுறி: ட்ரிகரை அழுத்தியதும் ஒரு பலத்த உதை, பிறகு சாதாரணம்

கொஞ்சம் உதைப்பது இயல்பு. மூடிய கன்னுக்குப் பின்னால் ஹோஸ் சற்று விரிந்து, வேலை அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். திறந்த கணத்தில் அந்தக் கூடுதல் அழுத்தமும் வெளியே பாய்கிறது. ஓய்ந்திருந்த கைக்கு 29 நியூட்டன் ஒரே நொடியில் வருவதும் அதிர்ச்சியாகத் தெரியும்.

உதை வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தால் கன்னை மூடிய நிலையில் கேஜைப் பாருங்கள். வேலை அழுத்தத்தைவிட 10, 15 சதவீதம் கூடுதலாக நின்றால் சரி. 210 பாரில் நிற்கிறது என்றால் திறந்த கணத்தில் உதைப்பு 40 நியூட்டனைத் தொடும். இதற்குக் காரணம் பெரும்பாலும் யாரோ அன்லோடர் திருகை முறுக்கியிருப்பதுதான். நாசில் தேய்ந்து அழுத்தம் 100-க்கு வந்தபோது அதை ஏற்றுவதற்காக முறுக்கியிருப்பார்கள். அப்போது ஒன்றும் மாறியிருக்காது, ஏனென்றால் 102 பாரில் அன்லோடர் திறக்கவே இல்லை. திறக்காத வால்வை இறுக்கிப் பயனில்லை. ஆனால் கன் மூடும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் அந்தப் புதிய உயரத்துக்கு ஏறி ஹோஸையும் சீல்களையும் அடிக்கிறது. புது நாசில் மாட்டுங்கள், பிறகு திருகைத் தளர்த்தி, ட்ரிகர் அழுத்திய நிலையில் கேஜைப் பார்த்தபடி மெல்ல முறுக்கி, அழுத்தம் ஏறுவது நின்ற இடத்தில் நிறுத்துங்கள். மெஷினில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. திருகு சரியாக இருந்தும் மூடிய அழுத்தம் ஏறி நின்றால் அன்லோடரின் உள்தண்டு சுண்ணாம்பு படிந்து ஒட்டிக்கொண்டிருக்கும்; கழற்றிச் சுத்தம் செய்து ஓ-ரிங் மாற்ற வேண்டும்.

அறிகுறி: கன் பின்னால் தள்ளாமல் மணிக்கட்டைத் திருப்புகிறது

உதைப்பு எப்போதும் ஜெட்டின் கோட்டிலேயே பின்னோக்கி வரும். நேரான லான்ஸில் அந்தக் கோடு கைப்பிடி வழியாகப் போகிறது, தோள் தாங்கிக்கொள்கிறது. முனை 30 டிகிரி வளைந்த லான்ஸில் 29 நியூட்டனில் பாதி பக்கவாட்டில் தள்ளும். அது 90 செ.மீ. தள்ளி முனையில் இருந்து நெம்புவதால், ஒரு கை மட்டும் பிடித்திருந்தால் மணிக்கட்டு தாங்காது. வளைந்த லான்ஸை இரு கையால், ஒரு கை முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைத்துப் பிடிக்க வேண்டும். ஏணியில் நின்று இதைச் செய்யவே வேண்டாம்: அங்கே தாங்கிக்கொள்ள ஒரு கைதான் மிச்சம், ட்ரிகரைத் திறந்த நொடியில் வரும் தள்ளல் ஏணியையே நகர்த்திவிடும்.

லான்ஸ் நேராக இருந்தும் பக்கவாட்டில் இழுத்தால் நாசில் துளையின் ஒரு ஓரம் அடைத்திருக்கலாம், அல்லது உடைந்திருக்கலாம். ஜெட் ஒரு பக்கம் சாய்ந்து போவது கண்ணுக்கே தெரியும். சுத்தம் செய்த பின்னும் சாய்வு போகவில்லை என்றால் அந்த நாசிலை மாற்றிவிடுங்கள்.